விக்கலுக்குச் சீனியா, தண்ணியா, வெருட்டலா? பஸ்ஸில் தொடங்கிய வழக்கு

வேப்பமரத்தடி (ஞாயிறு, இரவு 8.40)

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது நடந்தது. தம்பிக்கு வயது 14. பஸ் எடுக்கப் போகிற நேரம் ஓடிப்போய் ஒரு குளிர் சோடா வாங்கி, இரண்டே மடக்கில் குடித்து முடித்தான். அதற்கு முன் பொங்கலும் கடலையும் வயிறு முட்ட. புதுக்குடியிருப்பு தாண்டவில்லை, விக்கல் பிடித்துவிட்டது. பஸ் முழுக்கச் சனம், ஆளுக்கொரு வைத்தியம். ஒரு ஆச்சி ஒரு கரண்டி சீனியை வாயில் போடச் சொன்னா, பஸ்ஸில் சீனிக்கு எங்கே போவது. கொண்டக்டர் தம்பியைப் பார்த்து "நீதானே அந்த அம்மாவின்ர காசை எடுத்தது" என்று உறுக்கினார், அவன் வெருளவில்லை, அழத்தான் பார்த்தான். பின் சீட் ஐயா மூச்சைப் பிடி என்றார். இன்னொரு அக்கா குனிந்துகொண்டு தண்ணீர் குடிக்கச் சொன்னா. யார் நினைக்கிறார்கள் என்று பெயர் சொல்லிப் பார் என்று அம்மா, அவனும் ஊரில் உள்ள எல்லாருடைய பெயரையும் சொல்லி முடித்தான். விசுவமடு வர நின்றுவிட்டது, நாற்பது நிமிடம் இருக்கும்.

இப்போது வீட்டில் சண்டை. தண்ணீர்தான் நிற்பாட்டியது என்று நான், இல்லை பெரியப்பாவின் பெயரைச் சொன்னதும் நின்றது என்று அம்மா. விளங்கினவர்கள் சொல்லுங்கள், விக்கல் ஏன் வருகிறது, இந்த வைத்தியங்களில் எதற்காவது நியாயம் இருக்கிறதா?

முறிகண்டி_கச்சான் (8.52)

பெரியப்பாவுக்கு ஒரு கோல் எடுத்து அந்த நேரம் நினைத்தாரா என்று கேட்டால் வழக்கு முடிந்தது.

கரிப்பட்டமுறிப்பான் (9.05)

பிள்ளை, இது வாயு. வயிற்றில் வாயு ஏறி நெஞ்சுக் கீழே இடிக்கும், அதுதான் விக்கல். மூச்சைப் பிடித்தால் ஒட்சிசன் உள்ளே நிறைய நின்று அந்தச் சவ்வுக்குப் பலம் கொடுக்கும், உடனே நிற்கும். நாங்கள் சின்ன வயதில் இருந்து இதைத்தான் செய்கிறோம். சீனி, தண்ணீர் எல்லாம் சும்மா.

பாலைப்பழம் (9.11)

எனக்கும் இதே பிரச்சினைதான். இரவில் சாப்பிட்டதும் தொடங்கினால் பத்துப் பதினைந்து தரம் வரும், புளிப்பாக வாய்க்குள்ளும் வரும். இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்தால் குறையும். தம்பிக்கும் கொடுத்துப் பாருங்கள்.

முறிகண்டி_கச்சான் (9.14)

அண்ணை, அது ஏவறை. நாங்கள் பேசுவது விக்கல்.

பாலைப்பழம் (9.15)

இரண்டும் ஒன்றுதானே, ஒன்று சத்தமாக வரும் மற்றது மெதுவாக வரும்.

வார்ட்_அக்கா (9.48)

ஒன்றில்லை. ஏவறையில் காற்று வயிற்றிலிருந்து வெளியே வருகிறது. விக்கலில் காற்று வெளியிலிருந்து உள்ளே இழுபடுகிறது, பாதி வழியில் கதவு மூடுகிறது. நேர் எதிர். அடுத்த தரம் விக்கும்போது கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பாருங்கள், ஊதாது. உங்கள் புளிப்பு வேறு கதை, அதற்குத் தனி இழை திறவுங்கள், வந்து சொல்கிறேன்.

நான் 24 வருடம் வார்ட்டில் நின்ற தாதி, இப்போது பென்சன். விக்கலை நான் இப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கூரை போல பிரிமென்றகடு இருக்கிறது, நாங்கள் மூச்சு இழுக்கும்போது அது கீழே இறங்கும். விக்கலில் அது எங்களைக் கேளாமல் சடாரென்று இறங்குகிறது. காற்று உள்ளே பாயத் தொடங்கி ஒரு செக்கனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரம்தான், குரல்வளை வாசல் அடித்து மூடிவிடும். அந்த "ஹிக்" அந்தக் கதவு அடிக்கிற சத்தம்தான்.

யார் இறங்கச் சொன்னது? மூளைத்தண்டு. அதற்குத் தொண்டையிலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வேகஸ் நரம்பு செய்தி கொண்டுபோகும். அங்கிருந்து கழுத்து வழியாக இறங்கும் பிரெனிக் நரம்பு பிரிமென்றகட்டுக்குக் கட்டளை கொண்டுவரும். போகிற கம்பி, நடுவில் சுவிட்ச், வருகிற கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் எதைச் சீண்டினாலும் விக்கல் வரலாம். உங்கள் தம்பி சீண்டியது முதல் கம்பியை. நிறைந்த வயிறு கீழிருந்து கூரையைத் தள்ளுகிறது, அதற்கு மேல் குளிர், அதற்கு மேல் வாயு, அவ்வளவையும் இரண்டே மடக்கில். கரிப்பட்டமுறிப்பு ஐயா வாயு என்றதில் பாதி சரி. ஆனால் வாயு நேரே இடித்து விக்கல் வருவதில்லை, வயிறு விரிந்த செய்தி மேலே போய்க் கட்டளையாகத் திரும்பி வருகிறது. பச்சைமிளகாயைக் கடித்துவிட்டு விக்குகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அங்கே வாயு எங்கே?

மூச்சுப் பிடிப்பதும் வேலை செய்யும், ஆனால் ஐயா சொன்ன காரணத்தால் அல்ல. மூச்சைப் பிடித்தால் ஒட்சிசன் கூடாது, குறையும். கூடுவது காபனீரொட்சைட்டு. இரத்தத்தில் அது ஏற ஏற விக்கல் குறையும், அது நன்றாகத் தெரிந்த விசயம். கடதாசிப் பைக்குள் மூச்சு விடச் சொல்வதும் அதற்குத்தான். சொப்பிங் பையைத் தலையில் மாட்டுகிற விளையாட்டு மட்டும் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அப்படி ஒரு பேச்சையே எடுக்காதீர்கள்.

கரிப்பட்டமுறிப்பான் (10.02)

காரணம் எதுவோ, நிற்கிறதா இல்லையா. நான் சொன்னது சரிதானே.

வார்ட்_அக்கா (10.06)

செய்கை சரி ஐயா. நன்றாக உள்ளே இழுத்து, இருந்தபடி ஒரு 15, 20 செக்கன் பிடித்து, மெதுவாக விட வேண்டும். மூன்று நான்கு தரம் செய்யலாம். பிடிக்கும்போது மலம் கழிக்க முக்குவதுபோல் கொஞ்சம் அழுத்தினால் வேகஸ் நரம்பும் சேர்ந்து சீண்டுப்படும். ஆனால் நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் முக்கக் கூடாது.

சுண்ணக்கட்டி (திங்கள், காலை 6.20)

நான் கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அக்காவின் கம்பிக் கதையை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகப் போகிறேன், மன்னிக்கவும்.

பஸ் வழக்குக்கு வருகிறேன். விக்கல் தானாகவே நிற்கிற சாமான். வைத்தியம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் தம்பிக்கு விசுவமட்டிலோ தருமபுரத்திலோ நின்றிருக்கும். பத்து வைத்தியம் வரிசையாகச் செய்தால், நிற்கிற நேரம் எது கையில் இருந்ததோ அதற்குத்தான் பெயர். பெரியப்பாவுக்குக் கிடைத்த பெயரும் அப்படிக் கிடைத்ததுதான்.

அதற்காக எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். குனிந்து தண்ணீர் குடிப்பதைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு தரம் விழுங்கும்போதும் மூச்சு தானாக நிற்கிறது. மூச்சு விடாமல் பத்து மிடறு தொடர்ந்து விழுங்கினால் அது மூச்சுப் பிடித்தது மாதிரித்தான். அதோடு தொண்டையின் பின்பக்கம் முழுக்க நரம்பு சீண்டுப்படுகிறது. குனிவதால் கவனமாக, இழுத்து விழுங்க வேண்டியிருக்கிறது. குனிவதில் தனியாக ஒரு மந்திரமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன், நிமிர்ந்திருந்து நிறுத்தாமல் குடித்தாலும் அதே வேலைதான். அமெரிக்காவில் இதை வைத்தே தடித்த உறிஞ்சுகுழாய் ஒன்று செய்தார்கள், அடியில் ஒரு சின்ன வால்வு, பலமாக உறிஞ்சினால்தான் தண்ணீர் வரும். உறிஞ்சும்போது பிரிமென்றகடு வலிந்து இறங்கும், விழுங்கும்போது குரல்வளை மூடும், விக்கல் செய்கிற இரண்டு வேலையையும் நாங்களே வேண்டுமென்று செய்கிறோம். 2021இல் 249 பேரிடம் கேட்டார்கள், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நின்றது என்றார்கள். ஆனால் வெறும் குழாயைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, ஆட்களே சொன்ன பதில்தான். அதனால் நான் ஆளை அனுப்பி அதை வாங்க மாட்டேன்.

வேப்பமரத்தடி (7.05)

அப்படியென்றால் பஸ் ஆச்சியின் சீனி?

வார்ட்_அக்கா (8.30)

ஆச்சிக்கு ஆதரவு இருக்கிறது. 1971இல் வைத்தியர்கள் 20 பேருக்கு ஒரு தேக்கரண்டி சீனியை அப்படியே விழுங்கக் கொடுத்துப் பார்த்தார்கள், 19 பேருக்கு உடனே நின்றது. அதிலும் ஒப்பிட ஆள் இல்லை, சுண்ணக்கட்டி சேர் கேட்கிற கேள்வியை அங்கேயும் கேட்கலாம். ஆனால் அந்த 20 பேரில் சிலருக்கு நாட்கணக்கில் இருந்த விக்கல். நாட்கணக்கில் இருந்தது சீனி போட்ட அதே நிமிடம் தற்செயலாக நிற்கும் என்று சொல்வது கொஞ்சம் கடினம்.

எங்கள் வீடுகளில் பிழை விடுகிற இடம், சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது. இனிப்பு அல்ல வேலை செய்வது, அந்தக் கரடுதான். உலர்ந்த மணியாக நாக்கின் பின்பக்கம் போட்டு, கரையவிடாமல் விழுங்க வேண்டும், அது உரசிக்கொண்டு போகிறபோது தொண்டை நரம்பு திடுக்கிடும். தேசிக்காய்த் துண்டைக் கடிப்பதற்கும் இதே நியாயம்தான், அங்கே கரட்டுக்குப் பதில் புளிப்பு.

முறிகண்டி_கச்சான் (8.41)

வெருட்டல்? கொண்டக்டருக்காகக் கேட்கிறேன்.

சுண்ணக்கட்டி (8.55)

திடுக்கிட்டால் ஒரு மூச்சு உள்ளே இழுத்து அப்படியே பிடிபடும், அந்த அளவில் ஒரு நியாயம் சொல்லலாம். சோதித்துப் பார்த்த ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. "உன்னை இப்ப வெருட்டப் போறன்" என்று சொல்லிவிட்டு வெருட்டுவது எங்கள் பழக்கம், அது எப்படி வேலை செய்யும். "கோழி களவெடுத்தனியா" என்று கேட்பதை எல்லாப் பிள்ளைகளும் ஐந்து வயதிலேயே கண்டுபிடித்துவிடுகின்றன.

பெயர் சொல்வதற்கு நியாயம் இல்லை, ஆனால் தீங்கும் இல்லை. நேரம் போகும்.

வேப்பமரத்தடி (9.10)

என் அக்காவின் மகள் மூன்று மாதக் குழந்தை. விக்கினால் அப்பம்மா சீலையில் ஒரு நூல் இழுத்து, நனைத்து நெற்றியில் ஒட்டுகிறா. அதையும் சொல்லிவிடுங்கள்.

வார்ட்_அக்கா (9.32)

நூல் நெற்றியிலேயே இருக்கட்டும், வாய்க்குள் போகாமல் பார்த்தால் போதும். பிள்ளை விக்குவது வருத்தம் இல்லை, வயிற்றுக்குள் இருக்கும்போதே விக்கத் தொடங்கியதுதான், தாய்மாருக்கே அது தெரியும், ஒரே தாளத்தில் துடிக்கும். பால் குடித்தபின் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏவறை விட வைத்தால் போதும். பெரியவர்களுக்குச் சொன்ன எதையும் குழந்தைக்குச் செய்யாதீர்கள். சீனி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்கவே வேண்டாம்.

நெடுங்கேணி_மகள் (திங்கள், பின்னேரம் 3.25)

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். தேடும்போது இந்த இழை கிடைத்தது. அப்பாவுக்கு நேற்றுப் பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கிய விக்கல், இன்னும் நிற்கவில்லை. இரவு நித்திரையிலும் விக்கினார், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மூச்சுப் பிடித்தார், தண்ணீர் குடித்தார், தேசிக்காயும் கொடுத்தோம், கொஞ்சம் நின்று திரும்ப வருகிறது. சீனி கொடுக்கலாமா? அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. வயது 61.

கரிப்பட்டமுறிப்பான் (3.31)

மகள், பயப்பட வேண்டாம். எனக்கு ஒரு முறை இரண்டு நாள் இருந்தது, சுடுதண்ணீரில் ஓமம் போட்டுக் குடித்து நிற்பாட்டினேன்.

வார்ட்_அக்கா (3.34)

ஓமத்தைக் கொஞ்சம் பொறுங்கோ ஐயா. பிள்ளை, ஒரு கரண்டி சீனியால் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இப்போது அது கேள்வி இல்லை. நாலு விசயம் கேட்கிறேன், இருக்கிறபடி சொல்லுங்கள். சீனியைத் தவிர வேறு வருத்தம் உண்டா, என்ன குளிசை போடுகிறார், நேற்று விக்கல் தொடங்க முன் என்ன சாப்பிட்டார், குடித்தார், நேற்றிலிருந்து சலம் வழக்கம்போல் போகிறதா?

நெடுங்கேணி_மகள் (3.47)

சீனிக்கும் பிரசருக்கும் குளிசை. இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கிளினிக்கும் போகிறார், கிரியற்றினின் கூட என்று கொப்பியில் இருக்கிறது, இரத்தம் மாற்றுகிற அளவுக்கு இல்லை என்றார்கள். சலம் குறைவுதான், ஆனால் அது முந்தியும் குறைவு. சாப்பாடு வழமையானதுதான். மத்தியானம் பக்கத்து வீட்டு மாமி காமரங்காய் கொண்டுவந்து தந்தா, சீனி இறங்கும் என்று சொன்னா, அப்பா அடித்துச் சாறாக இரண்டு கிளாஸ் குடித்தார். காலையில் ஒரு தரம் சத்தி எடுத்தார்.

வார்ட்_அக்கா (3.49)

பிள்ளை, இதை வாசித்ததும் போனை வைத்துவிட்டு வாகனம் பிடியுங்கள். இரவு வரை பார்க்க வேண்டாம். இரத்தச் சுத்திகரிப்பு வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு முதலில் போனால் அங்கிருந்து அம்புலன்ஸில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக் கொப்பி, குளிசை எல்லாவற்றையும் எடுங்கள். வாசலில் முதல் வசனமாகச் சொல்ல வேண்டியது இது: "சிறுநீரக வருத்தக்காரர், நேற்று மத்தியானம் காமரங்காய்ச் சாறு இரண்டு கிளாஸ் குடித்தார், பின்னேரத்திலிருந்து விக்கல்." விக்கல் என்று மட்டும் சொன்னால் வரிசையில் இருத்திவிடுவார்கள்.

வழியில் ஆள் தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், கை கால் சோர்ந்தால், வலிப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். சாப்பிட ஒன்றும் கொடுக்காதீர்கள், வேறு யாருடைய விக்கல் குளிசையும் கொடுக்காதீர்கள்.

நெடுங்கேணி_மகள் (3.52)

ஓட்டோ வருகிறது. போகிறோம்.

முறிகண்டி_கச்சான் (4.10)

பகிடி விட்டதற்கு வெட்கமாக இருக்கிறது. காமரங்காய் என்றால் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல் இருக்குமே, அதுவா? அதை நாங்கள் ஸ்கூல் மதிலில் ஏறி உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றோமே.

வார்ட்_அக்கா (4.36)

அதேதான். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறவர் ஒரு பழம் தின்றால் ஒன்றும் இல்லை. அதற்குள் நரம்பைத் தாக்குகிற ஒரு நஞ்சு இருக்கிறது, கரம்பொக்சின் என்று பெயர், 2013இல் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்து எடுத்துக் காட்டினார்கள். நல்ல சிறுநீரகம் அதைச் சலத்தோடு அனுப்பிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அனுப்ப முடியாது, அது இரத்தத்திலேயே தங்கி மூளைக்கு ஏறும். நான் சொன்ன கம்பிக் கதையில் இது முதல் கம்பி அல்ல, நடுச் சுவிட்ச். அதனால்தான் தேசிக்காய் கொடுத்தால் கொஞ்சம் நின்று திரும்ப வருகிறது, தொண்டையைச் சீண்டி என்ன பயன், சுவிட்சே பழுதாக இருந்தால்.

இந்த நஞ்சு ஏறினவர்களிடம் பெரும்பாலும் முதலில் தெரிவது விக்கல்தான், விடாத விக்கல். பழம் சாப்பிட்டுச் சில மணி நேரத்துக்குள் தொடங்கும். அந்த நிலையிலேயே கொண்டுவந்தால் இரத்தச் சுத்திகரிப்பில் தேறுவார்கள். குழப்பமும் வலிப்பும் தொடங்கினபின் கொண்டுவந்தால் தப்புவது கடினம். என் வேலைக்காலத்தில் ஒருவரை அப்படி வலிப்போடு கொண்டுவந்தார்கள். வீட்டில் இரண்டு நாள் விக்கலுக்கு ஓதி நூல் கட்டியிருந்தார்கள். அவர் வீடு திரும்பவில்லை.

நல்ல சிறுநீரகக்காரரும் வெறும் வயிற்றில் சாறாக அடித்துக் குடிப்பது புத்தி இல்லை, அதில் இருக்கிற ஒட்சலேற்று சிறுநீரகத்தில் படிந்து நல்ல சிறுநீரகத்தையும் கெடுத்திருக்கிறது. பிளிம்பிக்காயும் அதே குடும்பம்தான்.

கரிப்பட்டமுறிப்பான் (5.15)

நான் 50 வருடம் காமரங்காய் தின்கிறேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் நஞ்சு என்று சொன்னால் சனம் எதைத் தின்பது.

சுண்ணக்கட்டி (5.22)

ஐயா, உங்கள் கிரியற்றினின் எவ்வளவு?

கரிப்பட்டமுறிப்பான் (5.40)

பார்த்ததில்லை.

வார்ட்_அக்கா (5.44)

அதுதான் எனக்குப் பயம். வன்னியில் சிறுநீரகம் பழுதாகியும் தெரியாமல் வயலுக்குப் போய் வருகிறவர்கள் குறைவில்லை. ஒரு தரம் இரத்தம் சோதித்துவிட்டு வந்து என்னோடு சண்டை பிடியுங்கோ.

பாலைப்பழம் (6.30)

எனக்கு ஒரு கேள்வி. எத்தனை மணி நேரம் விக்கினால் ஆஸ்பத்திரி?

வார்ட்_அக்கா (7.02)

புத்தகக் கணக்கு 48 மணி நேரம். அதைத் தாண்டினால் நீடித்த விக்கல், ஒரு மாதத்தைத் தாண்டினால் தீராத விக்கல் என்று பிரிப்பார்கள். ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்ல மாட்டேன், இன்று கண்டீர்கள்தானே, 22 மணி நேரம்தான். நித்திரையிலும் விடாமல் விக்கினால், சத்தியோ தலைச்சுற்றோ விழுங்கக் கஷ்டமோ சேர்ந்தால், சிறுநீரக வருத்தக்காரராக இருந்தால் மணி பார்க்காதீர்கள். திடீரென்று தலை சுற்றி, நடை தள்ளாடி, விழுங்க முடியாமல் விக்கினால் அது பாரிசவாதமாகவும் இருக்கலாம். புதிதாக ஊசி, குளிசை தொடங்கிய பிறகு விக்கல் வந்தால் அதையும் சொல்லுங்கள், டெக்சாமெதசோன் என்கிற ஸ்டெரொயிட் மருந்துக்கு இந்தப் பழக்கம் உண்டு.

சுண்ணக்கட்டி (7.30)

தீராத விக்கலுக்கு ஒரு மனிதர் இருக்கிறார். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து விவசாயி சார்ள்ஸ் ஒஸ்போர்ன், 1922இல் பன்றி ஒன்றை நிறுக்கும்போது விக்கல் தொடங்கியதாம், 1990 வரை விடவில்லை. 68 வருடம். அதற்குள் கல்யாணமும் கட்டிப் பிள்ளைகளும் பெற்றார். நின்று ஒரு வருடத்தில் காலமாகிவிட்டார்.

விக்கல் உடம்புக்கு எதற்கு என்று வகுப்பில் கேட்பார்கள். பால் குடிக்கிற குட்டிகளுக்கு வயிற்றுக் காற்றை வெளியேற்ற உதவுகிறது என்று ஒரு கட்சி, வாற்பேத்தை போல் செவுளால் மூச்சு விட்ட பழைய காலத்து மிச்சம் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டையும் சொல்லிவிட்டு மணி அடிக்கும்வரை அவர்களைச் சண்டை பிடிக்க விடுவேன்.

நெடுங்கேணி_மகள் (வியாழன், இரவு 9.15)

எல்லாருக்கும் நன்றி. அப்பா வார்ட்டில்தான் இருக்கிறார், ஆனால் எழும்பி இருந்து பேசுகிறார். அன்று இரவே இரத்தச் சுத்திகரிப்புச் செய்தார்கள், நாலு மணி நேரம். இரண்டாவது மணியில் விக்கல் இடைவெளி விடத் தொடங்கியது, நான் போனில் எண்ணினேன். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 18, பிறகு 7, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்று. முடியும்போது நின்றுவிட்டது. ஆனால் செவ்வாய் விடிய திரும்ப வந்தது, எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே தேங்கின மிச்சம் இரத்தத்துக்கு வருகிறது என்று சொல்லி மறுபடி செய்தார்கள். நேற்றிலிருந்து இல்லை.

டொக்டரிடம் காமரங்காய்தானா என்று கேட்டேன். யூரியாவும் நன்றாக ஏறியிருந்தது, அதுவே விக்கலைக் கொண்டுவரும், இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, பழம் குடித்த நேரத்தைப் பார்த்தால் அதைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்கிறேன் என்றார். அக்கா, வாசலில் நீங்கள் சொன்ன வசனத்தை அப்படியே சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். உடனே உள்ளே எடுத்தார்கள்.

மாமி ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதா. அவவில் பிழை இல்லை, எங்களுக்கும் தெரியாதுதானே. கிளினிக்கில் உப்பைக் குறை என்று சொன்னார்கள், இளநீரைக் குறை என்று சொன்னார்கள், காமரங்காயை ஒருவரும் சொல்லவில்லை.

வார்ட்_அக்கா (9.40)

பிள்ளை, எனக்கு இப்போதுதான் சோறு இறங்கும். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு துண்டுகூட வேண்டாம், "கொஞ்சம்தானே" என்று ஒருவர் வருவார், அவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

கரிப்பட்டமுறிப்பான் (வெள்ளி, காலை 6.50)

மகள், அப்பா சுகமாகட்டும். நான் திங்கட்கிழமை இரத்தம் சோதிக்கப் போகிறேன். மரம் எங்கள் வளவிலும் நிற்கிறது, அதைத் தறிக்க மாட்டேன், அது வேறு.

வேப்பமரத்தடி (7.20)

இன்று காலையில் தம்பிக்குத் திரும்ப விக்கல், புட்டை அவசரமாக அடைத்ததால். நெடுங்கேணி மகள் மாதிரி நானும் எண்ணினேன். ஒன்றும் செய்யாமல் முதல் நிமிடம் 14, இரண்டாம் நிமிடம் 13. பிறகு 20 செக்கன் மூச்சுப் பிடித்தான், அடுத்த நிமிடம் 5. இன்னொரு தரம் பிடித்தான், பிறகு வரவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, தான் அந்த நேரம் மனதுக்குள் பெரியப்பாவின் பெயரைச் சொன்னதாகச் சொல்கிறா.

சுண்ணக்கட்டி (7.31)

அடுத்த தரம் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு எண்ணுங்கள்.